உப்புக்கு எடைக்கு எடை தங்கமா? கானாவும் மாலியும் பணம் பார்த்த விதம்

கேள்வி: "மேற்கு ஆப்பிரிக்காவில் பழைய கானா, மாலி ராஜ்யங்களில் உப்புக்குச் சம எடை தங்கம் கொடுத்தார்களாம். நிஜமா? கடலே இல்லாத, பாதி பாலைவனமான இடத்து ராஜாக்களிடம் அவ்வளவு பணம் எப்படி வந்தது? தங்கச் சுரங்கம் எல்லாம் அவர்களுடையதா?"

சம எடை என்பது நிஜமில்லை. ஆனால் யாரோ இணையத்தில் கிளப்பிவிட்ட கதையும் அல்ல. இடைக்கால அரபு எழுத்தாளர்கள் சிலரே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கே எங்கோ தொலைவில், தங்கம் விளையும் நாட்டில், உப்பை எடைக்கு எடை தங்கத்துக்கு மாற்றுவதாகக் கேள்விப்பட்டதை எழுதினார்கள். நல்லவேளையாக, அந்தப் பாதையில் தானே நடந்துபோன ஒருவர் உப்பின் விலையைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். ஆப்பிரிக்க வரலாறு பாடம் எடுத்த காலத்தில் மாணவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்வேன்.

அவர் இப்னு பதூதா. மொராக்கோக்காரர், நம் மதுரையில்கூட சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கியவர். 1352-இல் சஹாராவின் வடக்கு ஓரத்தில் இருந்த சிஜில்மாஸா என்ற ஊரிலிருந்து ஒரு வணிகச் சாத்தோடு கிளம்பினார். 25 நாளில் தகாஸா என்ற உப்பளத்துக்கு வந்து சேர்ந்தார். நம் வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளம் போல அதை நினைத்துவிடக் கூடாது. அங்கே கடல்நீர் கிடையாது. எந்தக் காலத்திலோ வற்றிப்போன ஏரியின் உப்பு, மண்ணுக்கு அடியில் படிவமாக இறுகிக் கிடக்கிறது. அதைத் தோண்டி, பலகைக்கல் போலப் பாளம் பாளமாக வெட்டி எடுப்பார்கள். வீடும் மசூதியும் உப்புக்கட்டியால் கட்டி, மேலே ஒட்டகத் தோல் போட்டிருந்தார்கள் என்கிறார். மரம் ஒன்றுகூட இல்லை. குடிக்கிற தண்ணீரும் உவர்நீர். அங்கே வசித்தவர்கள் மஸூஃபா என்ற பாலைவனக் குடியாரின் அடிமைகள் மட்டுமே. உப்பு வெட்டுவதுதான் அவர்கள் வேலை. சாப்பாட்டுக்கு வடக்கிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கிலிருந்து தானியமும் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் குவியல் குவியலாகத் தங்கப்பொடி கைமாறியது என்றும் எழுதுகிறார்.

இனி விலை. ஓர் ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும். அந்த ஒட்டகச் சுமை, பாலைவனத்தைக் கடந்து முதலில் வரும் ஊரான வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்குப் போகும். இன்னும் தெற்கே, மாலியின் தலைநகரில் 20 முதல் 30 மித்கால். சில சமயம் 40. ஒரு மித்கால் ஏறக்குறைய நாலே கால் கிராம். சுமையின் எடையை அவர் சொல்லவில்லை. நீண்ட பயணத்தில் ஒட்டகம் தாங்கக்கூடியதை வைத்து 125 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 மித்கால் என்றால் சுமார் 127 கிராம் தங்கம், நம் கணக்கில் பதினாறு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 125 கிலோ உப்புக்கு 127 கிராம் தங்கம். ஒரு கிலோ உப்புக்கு ஒரு கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன உச்ச விலையான 40 மித்காலை எடுத்தாலும் ஒரு கிலோவுக்கு ஒன்றரை கிராமைத் தொடாது.

இந்தக் கணக்கில் உறுதியானது எது, ஊகம் எது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விலை, நேரில் போனவர் சொன்னது. சுமையின் எடை என் ஊகம்; அது அறுபது கிலோ கூடக் குறைய இருந்தாலும் முடிவு மாறாது. சம எடை வர வேண்டுமென்றால் உப்பு விலை இன்னும் ஆயிரம் மடங்கு ஏற வேண்டும். மாலித் தலைநகருக்குத் தெற்கே, தலைச்சுமையாகப் போகும் காட்டுப் பக்கத்தில் விலை இன்னும் சில மடங்கு ஏறியிருக்கலாம், அது இயல்பு. ஆயிரம் மடங்கு ஏறாது, ஏனென்றால் மாற்று இருந்தது. சில செடிகளை எரித்து, சாம்பலைக் கரைத்து வடித்து ஒருவகை உப்பு எடுப்பது அந்தப் பகுதியில் பழைய வழக்கம். அட்லாண்டிக் கரையில் அவ்லில் என்ற இடத்து உப்பும் உள்நாட்டுக்குப் போனது. சாம்பல் உப்பு கசக்கும், கறியில் போட்டால் ருசி கெடும், ஆனாலும் உப்புதான். பாலைவனப் பாளம் அளவு மீறி விலை ஏறினால் ஜனங்கள் அதற்குத் திரும்பிவிடுவார்கள்.

அப்படியும் பாளத்துக்கு அவ்வளவு கிராக்கி ஏன்? சிறுதானியத்தில் இயற்கையாக உப்பு மிகக் குறைவு. அதையே தின்று வெயிலில் உழைக்கிறவனுக்குத் தனியாக உப்பு வேண்டும், ஆடுமாட்டுக்கும் வேண்டும். இரண்டாவது காரணம் பாளத்தின் குணம். தூள் உப்பு மழைக்காலக் காற்றில் கசிந்து வழிந்துவிடும், மூட்டையிலிருந்து சிந்தும். கல் போன்ற பாளம் மாதக்கணக்கில் ஒட்டக முதுகில் ஆடினாலும் உதிராது. ரம்பத்தால் அறுத்துச் சின்னத் துண்டாக்கிச் சில்லறை வியாபாரம் செய்யலாம். இப்னு பதூதா சொல்வதுபடி அந்தத் துண்டுகள் காசாகவே புழங்கின. சாப்பிடவும் ஆகும், செலவழிக்கவும் ஆகும்.

இப்போது அந்த விலைப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தகாஸாவிலிருந்து வலாத்தா வரை உயிருக்கு உத்தரவாதம் இல்லாத பாதை. நடுவில் பத்து நாள் வழக்கமாகத் தண்ணீரே கிடைக்காது. அந்தச் சாத்துகளில் தக்‌ஷீஃப் என்று ஓர் ஆள் உண்டு. மஸூஃபாக்காரன். சாத்தை விட்டு முன்னே தனியாகப் போய், வலாத்தாவில் இருக்கும் நண்பர்களுக்குக் கடிதம் கொடுப்பான். அவர்கள் தங்குவதற்கு வீடு பார்த்து வைப்பதோடு, நாலு நாள் தொலைவு எதிரே வந்து தண்ணீர் கொடுப்பார்கள். வழியில் அவன் செத்தால் செய்தி போகாது. பின்னால் வரும் கூட்டத்தில் பலரும் சாக வேண்டியதுதான். இப்னு பதூதா போன சாத்தில் அவனுக்குக் கூலி 100 மித்கால், அதாவது வலாத்தாவில் பத்து ஒட்டக உப்பை விற்றால் வரும் காசு. ஒரு சாத்தில் பலருடைய சரக்கும் போகும் என்பதால்தான் அப்படியொரு கூலி கட்டுப்படியானது. ஆனால் வலாத்தாவிலிருந்து மாலித் தலைநகருக்கு விரைந்து போனால் 24 நாள். பாதையில் நிழல் மரம், ஊர், சாப்பாடு எல்லாம் இருந்தன. பயமே இல்லை என்று சொல்லி, ஒரு வழிகாட்டியும் மூன்று துணையாட்களும் மட்டுமாகப் போயிருக்கிறார். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறுவது இந்தச் சுகமான பாதையில்தான்! ஏன் என்று யோசித்தால் ராஜாக்களின் பணம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஒட்டகம் பாலைவனத்துக்கு ராஜா, மழைப் பிரதேசத்துக்கு ஆகாது. தெற்கே போகப் போக செட்சி ஈ கடித்து நோய் வந்து மாண்டுபோகும், ஈரப்பதமும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே பாலைவனமும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில் சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து கழுதை, நைஜர் ஆற்றில் படகு, கடைசியில் தலைச்சுமை. வடக்கத்தி அரபு, பெர்பர் வியாபாரி பெரும்பாலும் விளிம்போடு நின்றுவிடுவான். தெற்கே சரக்கைக் கொண்டுபோய் தங்கத்தோடு திரும்புகிறவர்கள் வங்காரா எனப்பட்ட உள்ளூர் வணிகர்கள். சரக்கு இறங்கி ஏறும் அந்த விளிம்பில்தான் கும்பி சாலே, வலாத்தா, திம்புக்து போன்ற ஊர்கள் எழுந்தன. கானாவும் மாலியும் பிடித்து வைத்திருந்தது அந்த விளிம்பையும், அதற்குத் தெற்கே போகும் பத்திரமான பாதையையும்தான். பாதுகாப்பு ராஜா கொடுத்த சேவை, சுங்கம் அதற்கான கூலி.

சுங்கம் எப்படி வாங்கினார்கள் என்பதைக் கானா விஷயத்தில் அல்-பக்ரி என்ற அரபு எழுத்தாளர் எழுதியிருக்கிறார். காலம் 1068. கழுதைச் சுமை உப்பு நாட்டுக்குள் வந்தால் ராஜாவுக்கு ஒரு தினார் தங்கம். அதே உப்பு நாட்டை விட்டு வெளியே போனால் இரண்டு தினார். செம்புச் சுமைக்கு 5 மித்கால், மற்ற சரக்குச் சுமைக்கு 10. தினாரும் மித்காலும் கிட்டத்தட்ட ஒரே எடைதான். இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே வருவதைவிட வெளியே போவதற்கு இரட்டிப்பு வரி. உப்பு எங்கே வெளியே போகும்? தங்கம் விளையும் தெற்குக்குத்தான். அங்கே விலை இன்னும் ஏறும் என்பதால் அந்த லாபத்தில் ராஜா முன்கூட்டியே தன் பங்கை எடுத்துக்கொள்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். தங்கப்பொடிக்கு இன்ன வரி என்று அல்-பக்ரி எதுவும் சொல்லவில்லை. தேவையும் இல்லை, உப்புக்குக் கட்டுகிற வரியே தங்கமாகத்தானே வருகிறது. பொடியை மடியில் கட்டி மறைத்துக் கொண்டுபோகலாம். கழுதை முதுகில் இருக்கும் உப்புப் பாளத்தை எந்தச் சுங்கச்சாவடியில் மறைப்பது?

தங்கத்தைப் பற்றி அவர் ஒன்று மட்டும் சொல்கிறார். கட்டியாகக் கிடைக்கும் தங்கம் முழுக்க ராஜாவுக்கு, பொடி ஜனங்களுக்கு. இல்லாவிட்டால் தங்கம் பெருகி மதிப்பிழந்துவிடுமாம். இந்தக் காரணம் எவ்வளவு உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆற்று மண்ணில் கிடைப்பதில் பெரும்பகுதி பொடியும் சிறு துகளும்தான், கட்டிகள் அபூர்வம். அதை மட்டும் ஒதுக்கி வைத்து விலையைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. ராஜ மரியாதைக்காக வந்த வழக்கத்துக்குப் பிறகு யாரோ பொருளாதார விளக்கம் ஒட்டியிருக்கலாம்.

சுரங்கம் யாருடையது என்று கேட்டீர்கள். கானா காலத்தில் முக்கியமான தங்கப் பூமி செனகல் ஆற்றுக்கும் ஃபலேமே ஆற்றுக்கும் நடுவிலுள்ள பம்புக். மாலி காலத்தில் இன்றைய கினி நாட்டில், மேல் நைஜர் பக்கமுள்ள பூரேயும் சேர்ந்துகொண்டது. சுரங்கம் என்றதும் கோலார் மாதிரி கற்பனை வரும். அங்கே இருந்தவை கிணறு போல நேராக இறங்கும் குழிகள். அறுவடை முடிந்து அடுத்த மழை வருவதற்குள், விவசாயிகளே குழி தோண்டுவார்கள். மேலே வந்த மண்ணைப் பெண்கள் சுரைக்குடுக்கை ஓட்டில் போட்டுத் தண்ணீரில் அலசிப் பொடியைப் பிரிப்பார்கள். மழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும், எல்லோரும் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள். இப்படிச் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான குழிகளில் எவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று எந்த அதிகாரி நின்று கண்காணிப்பது?

மாலி ராஜாக்களுக்கு இது தெரிந்திருந்தது. மாலியை ஆண்ட மன்சா மூசா கெய்ரோவில் சொன்னதாக அல்-உமரி என்ற அரபு எழுத்தாளர் எழுதிய ஒரு செய்தி இருக்கிறது. தங்கம் எடுக்கிறவர்கள் இஸ்லாமுக்கு வெளியே இருந்தவர்கள். அவர்கள் ஊரைப் பிடித்து, தொழுகை அழைப்பு அங்கே கேட்க ஆரம்பித்தால் தங்கம் குறைந்து பிறகு இல்லாமலே போய்விடும், பக்கத்து ஊரில் பெருகும். ஆகவே அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டுக் கப்பம் மட்டும் வாங்குகிறோம் என்றாராம். மந்திரக் கதை போலத் தோன்றினாலும் இதில் அனுபவ அறிவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நெருக்கினால் குழி தோண்டுகிறவன் தோண்ட மாட்டான், அல்லது அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஆக, சுரங்கம் அவர்களுடைய செல்வாக்கு எல்லைக்குள் இருந்தது, ஆனால் நேரடி நிர்வாகத்தில் இல்லை.

இதோடு ஒட்டி நீங்கள் 'மௌன வியாபாரம்' என்ற கதையையும் படித்திருப்பீர்கள். வியாபாரி உப்பைக் குவித்துவிட்டு மறைந்துகொள்வான், தங்கக்காரன் வந்து பக்கத்தில் பொடி வைத்துவிட்டுப் போவான், முகம் பார்க்காமலே பேரம் முடியும் என்பது. இதை நான் நம்புவதில்லை. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ் வணிகர்கள் செய்ததாக இதே கதையைச் சொல்லியிருக்கிறார். அரபு நூல்களிலும், 1455-இல் வந்த வெனிஸ்காரர் கதமோஸ்தோவின் குறிப்பிலும் மறுபடி வருகிறது. சொன்னவர் யாரும் கண்ணால் பார்த்தவரில்லை. வங்காரா வியாபாரிகள் பல ஊர்களில் உறவும் வீடும் வைத்து, மொழி தெரிந்து தொழில் செய்தவர்கள். வடக்கத்தியான் தங்கப் பூமியைத் தேடி வராமல் இருக்க இப்படியொரு கதை அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அல்-பக்ரி ஸ்பெயினை விட்டே வெளியே போகாதவர். பயணிகளிடம் கேட்டும் பழைய நூல்களைப் பார்த்தும் எழுதினார். அப்படியானால் அவரை மட்டும் எப்படி நம்புவது? இதற்கு அருமையான ஒரு சோதனை அகழாய்வில் கிடைத்தது. இன்றைய மாலியின் வடகிழக்கில் தத்மெக்கா என்ற ஊரில் முத்திரை பதிக்காத வெறும் தங்கத் தினார் புழங்குவதாக அவர் எழுதியிருந்தார். 2005-இல் அந்த இடத்தில் தோண்டியபோது நாணயம் வார்க்கும் மண் அச்சுகளே கிடைத்தன, உள்ளே தங்கத் துளி ஒட்டியிருந்தது. அங்கே அவர் சொன்னது சரி. கானாத் தலைநகர் விஷயத்தில் பாதிதான் சரிபார்க்க முடிந்திருக்கிறது. ஆறு மைல் இடைவெளியில் இரண்டு ஊர், ஒன்று பன்னிரண்டு மசூதிகளோடு முஸ்லிம் வணிகர் ஊர், மற்றது ராஜா இருக்கும் ஊர் என்கிறார். மொரித்தானியாவின் தெற்கே கும்பி சாலேயில் கல் வீடுகளும் பெரிய மசூதியும் கிடைத்தன, அது வணிகர் ஊர் என்று பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். ராஜாவின் ஊர் இதுவரை அகப்படவில்லை.

மன்சா மூசாவை 'உலகத்திலேயே பெரிய பணக்காரர், 400 பில்லியன் டாலர்' என்று போடுகிறார்களே, அந்தத் தொகைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. 14-ஆம் நூற்றாண்டு ராஜாவின் சொத்தை டாலரில் மாற்ற வழியே இல்லை. தெரிந்தது இவ்வளவுதான். 1324-இல் ஹஜ் போகும் வழியில் கெய்ரோவில் தங்கி ஏராளமாகத் தங்கத்தை வாரி வழங்கினார். அல்-உமரி சில வருடம் கழித்து அங்கே விசாரித்தபோது, 25 வெள்ளித் திர்ஹத்துக்குக் குறையாமல் விற்ற ஒரு மித்கால் தங்கம் 22-க்கும் கீழே இறங்கி, பன்னிரண்டு வருடமாக அப்படியே கிடப்பதாகச் சொன்னார்கள். இது சுமார் 12 சதவீத இறக்கம், அதுவும் வெள்ளிக்கு எதிரான தங்கத்தின் விலை. 'எகிப்தின் பொருளாதாரத்தையே நாசம் பண்ணினார்' என்பது இதை ஊதிப் பெருக்கியது. ஊர் திரும்பும்போது அவரே கெய்ரோ வணிகர்களிடம் கூடின வட்டிக்குக் கடன் வாங்கினார் என்பதையும் அதே நூல் சொல்கிறது. இதை யாரும் பகிர்வதில்லை.

உப்பும் தங்கமும் மட்டுமே இந்த வியாபாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1964-இல் மொரித்தானியப் பாலைவனத்தின் நடுவே, யாரோ மணலில் விட்டுப்போன ஒரு சாத்துச் சுமை கிடைத்தது: ஏறக்குறைய இரண்டாயிரம் பித்தளைக் கம்பிகளும் கொஞ்சம் சோழிகளும். சோழி மாலத்தீவுச் சரக்கு. மாலத்தீவில் நீதிபதியாக இருந்த இப்னு பதூதா, அங்கே ஒரு தினாருக்கு நாலு லட்சமாகக் கிடைத்த சோழி மாலியில் 1150-க்கு ஒரு தினார் என்று போவதைக் குறித்து வைத்திருக்கிறார். உப்பைவிடப் பெரிய விலையேற்றம் அது. வடக்கே போனதில் மனிதர்களும் உண்டு. அவர் திரும்பி வந்த சாத்தில் மட்டும் அடிமைப் பெண்கள் 600 பேர். தங்கக் கதை சொல்லும்போது இதை விட்டுவிடுவது சரியாகாது.

விளிம்பைப் பிடித்தால் தங்கம் வரும், ஆனால் தங்கப் பூமி கைக்கு வராது என்பது பின்னால் வந்தவர்களுக்கும் நடந்தது. மாலிக்குப் பிறகு எழுந்த சொங்காய் ராஜ்யத்தின் கைக்கு வந்த பாதைகளை, தகாஸா உப்பு வருமானம் யாருக்கு என்ற தகராறு முற்றி, 1591-இல் மொராக்கோ சுல்தானின் துப்பாக்கிப் படை தொந்திபி என்ற இடத்துப் போரில் வென்று பிடித்தது. திம்புக்துவும் காவோவும் அவர்கள் கைக்குப் போயின. தங்கக் குழிகள் அங்கிருந்து வெகுதூரம் தெற்கே இருந்தன. வியாபாரிகளும் வேறு பாதைகளுக்கு மாறிக்கொண்டார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே, 1482-இல் போர்ச்சுகீசியர் தெற்குக் கடற்கரையில் எல்மினா என்ற இடத்தில் கோட்டை கட்டி, தெற்குத் தங்கத்தில் ஒரு பகுதியைக் கடல் வழிக்குத் திருப்பியும் இருந்தார்கள். தகாஸா கைவிடப்பட்டு, இன்னும் தெற்கே தாவுதேனி என்ற இடத்தில் உப்பு வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கே இன்றும் பாளம் வெட்டுகிறார்கள். இப்போது லாரியும் போகிறது. ஒட்டகத்தில் ஏற்றினால் வழக்கமான வாடகை, நாலு பாளத்துக்கு மூன்று ஒட்டகக்காரனுக்கு, ஒன்று உப்புக்காரனுக்கு.